பத்தியைக் குறிப்பாக்கும்போது தகவல் நழுவாமல் இருக்க

சுருக்கத் தொடங்கும் முன், பத்தியிலுள்ள எண்கள், பெயர்கள், ‘சில’, ‘மட்டும்’, ‘தவிர’ போன்ற சொற்கள் எல்லாவற்றையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். ஒரு செய்திக்கு ஒரு வரி என்று எழுதி முடித்ததும், அடிக்கோடுகளை ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். டிக் விழாதது விட்டுப்போன தகவல்.

தேதியை யாரும் விடுவதில்லை; நழுவுவது சின்னச் சொற்கள்தான். இந்திய அரசியலமைப்புக்கு ‘ஏற்பு: 26.11.1949’, ‘நடைமுறை: 26.1.1950’ என்று இரண்டு வரி எழுதினால் முழுமையாகத்தான் தெரியும். ஆனால் குடியுரிமை உள்ளிட்ட சில பிரிவுகள் ஏற்ற அன்றே அமலுக்கு வந்துவிட்டன. அந்தச் ‘சில’வுக்குத் தனி வரி வேண்டும் (ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தோதான இடம் அது).

கணித நிரூபணத்துக்கு இது ஒத்துவராது. அங்கே வரிகளை உடைத்தால், ஒரு படியிலிருந்து அடுத்தது ஏன் வந்தது என்பதே அறுந்துபோகும்.