முதல் பனிப் படத்துக்குக் கீழே எழுதக் கூடாதவை

வேலூர்ப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் தங்கள் முதல் பனிப் படத்தின் கீழே, பனியின் அழகையும் வீட்டு ஏக்கத்தையும் சேர்த்துச் சொல்ல நினைத்து, ‘வெண்போர்வை போர்த்திய பூமி, மனமோ தாய்மண்ணில்’ என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். வெண்மைதான் படத்திலேயே தெரிகிறதே. தாய்மண் என்றால் எந்தத் தெரு, அங்கே யார் என்பதுதான் தெரியவில்லை. சினிமாப் பாட்டு வரியை எடுத்துப் போட்டாலும் இதே குறைதான்.

அடுத்த தவறு வெயிலை இழுத்து வருவது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால், ‘அங்கே 40, இங்கே மைனஸ் 10’ என்று எழுதக் கை தானாகப் போகும். வியப்புக்கு அது சரி. ஏக்கம் அதில் வராது. பனியில் நிற்கும் பிள்ளை கத்திரி வெயிலைத் தேடுவதில்லை, வீட்டு மனிதர்களைத்தான் தேடுகிறது.

காட்பாடியிலிருந்து டொராண்டோ போன ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். படத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையில் பனியை அள்ளி நிற்கிறாள். டிசம்பர் மாலை 4.40, சூரியன் மறையும் நேரம். அவளிடம் படம் சொல்லாத இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, பனியை உருண்டை பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் பனியில் கொஞ்சம் ஈரம் இருக்கும், அதனால் ஒட்டும். மைனஸ் 10-இல் அது வறுத்த ரவைபோல உதிரும். இன்னொன்று, குளிர்காலத்தில் அந்த ஊரைவிட நம் நேரம் பத்தரை மணி முன்னால் ஓடுகிறது. காட்பாடியில் அப்போது விடியற்காலை 3.10. உடனே காட்ட வேண்டிய அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார்.

இந்த இரண்டையும் எழுதினால் போதும்: ‘உருட்டினால் பிடிபடவில்லை, ரவையாய் உதிர்கிறது. அம்மாவிடம் காட்ட வேண்டும். காட்பாடியில் இன்னும் விடியவில்லை.’

இதில் அழகு என்றோ ஏக்கம் என்றோ ஒரு சொல் இல்லை. இரண்டுக்கும் நடுவே ‘ஆனால்’ போடாததும் முக்கியம். போட்டால் பனியைப் பார்த்த மகிழ்ச்சியே தப்பு என்பதுபோல் ஆகிவிடும். வரிசையையும் மாற்ற வேண்டாம். வீட்டு நினைவை முதலில் வைத்தால், படிப்பவர் பனியைப் பார்ப்பதற்குள் வருத்தப்பட ஆரம்பித்துவிடுவார். எழுதிய வரி சரிதானா என்று பார்க்க எளிய வழி, அதை இன்னொருவர் படத்தின் கீழே வைத்துப் பார்ப்பது. அங்கும் பொருந்தினால் திருத்தத்தான் வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் வரி மட்டும் கொஞ்சம் மாற வேண்டும். வெறுங்கையில் பனியைப் பார்த்ததும் பாட்டி பயந்துவிடுவார். ‘படத்துக்காகத்தான் கழற்றினேன், உடனே கையுறை போட்டுக்கொண்டேன் பாட்டி’ என்று சேர்த்து அனுப்புங்கள்.