03/04/2024 மார்ச்சா, ஏப்ரலா? இன்வாய்ஸ் தேதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன் செய்த இன்வாய்ஸில் 03/04/2024 என்று இருந்தால், மென்பொருள் அதை எழுத்துப் பிசகாமல் எடுத்துக் கொடுத்துவிடும். சிக்கல் அப்புறம்தான். உள்ளூர் சப்ளையர் எழுதியிருந்தால் அது ஏப்ரல் 3. அமெரிக்க நிறுவனம் அனுப்பியிருந்தால் மார்ச் 4. நாளும் மாதமும் 12-க்குள் இருந்து, இரண்டும் வேறு வேறு எண்ணாக இருக்கும் தேதிகள் வருடத்துக்கு 132. அத்தனையும் இப்படி இரண்டு விதமாகப் படிக்கக்கூடியவை.

முதல் தவறு, ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக நூலகத்தின் ஊகத்துக்கு விடுவது. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் dateutil இப்படி நடந்துகொள்ளும்:

```python
from dateutil import parser
parser.parse("03/04/2024")  # 2024-03-04
parser.parse("13/04/2024")  # 2024-04-13
```

முதல் வரியில் மாதம் முன்னால் என்று எடுத்துக்கொண்டது. இரண்டாவது வரியில் 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் சத்தமில்லாமல் வரிசையை மாற்றிக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. `dayfirst=True` கொடுத்தாலும் இதே மாற்றம் எதிர்த்திசையில் நடக்கும், அதனால் அது முழுத் தீர்வு ஆகாது. இந்தப் பிழை நுழைந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சப்ளையரின் ஏப்ரல் மாத இன்வாய்ஸ்களை வரிசையாகப் பாருங்கள். 13 முதல் 30 வரையிலானவை ஏப்ரலிலேயே இருக்கும். 1 முதல் 12 வரையிலானவை ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று வருடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லா மாதத்திலும் அதே நான்காம் தேதி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

வரிசையைச் சப்ளையர் அளவில் தீர்மானியுங்கள். அவருடைய பழைய இன்வாய்ஸ்களில் 12-ஐத் தாண்டிய எண் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும். முடிவானதும் `datetime.strptime(s, "%d/%m/%Y")` என்று கறாராகப் படிக்க வையுங்கள். பொருந்தாத தேதி வந்தால் அது ValueError கொடுத்து நின்றுவிடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

நாட்டையோ நாணயத்தையோ மட்டும் வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. டாலரில் பில் போடும் நிறுவனம் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கலாம். கனடாவில் இரண்டு வழக்கமும் உண்டு. பில்லிங் மென்பொருளை அமெரிக்க அமைப்பிலேயே விட்டுவைத்திருக்கும் இந்திய நிறுவனங்களும் இருக்கின்றன. இவற்றைத் துணைக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

உறுதியான சான்று பெரும்பாலும் அதே தாளில் இருக்கும். ஒரு இன்வாய்ஸில் தேதி 05/06/2024, கடைசித் தேதி 06/05/2024, நிபந்தனை Net 30 என்று வைத்துக்கொள்வோம். நாள் முன்னால் என்று படித்தால் ஜூன் 5 பில்லுக்கு மே 6-க்குள் பணம் கட்ட வேண்டும், நடக்காத காரியம். மாதம் முன்னால் என்று படித்தால் மே 6-லிருந்து ஜூன் 5, சரியாக 30 நாள். விஷயம் முடிந்தது.

இந்திய இன்வாய்ஸ் என்றால் எண்ணும் பேசும். 24-25/0007 என்ற எண்ணோடு 03/04/2024 என்று இருந்தால் அது ஏப்ரல் 3 ஆகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் மார்ச் 4 முந்தைய நிதியாண்டு. இதைத் தவறாகப் பதிந்தால் உள்ளீட்டு வரி வரவை எடுப்பதற்கான கெடு ஒரு வருடம் முன்னால் வந்ததாகக் கணக்காகிவிடும்; சப்ளையருக்குப் பணம் கொடுக்க வேண்டிய 180 நாள் கணக்கும் பிசகும். மின் இன்வாய்ஸாக இருந்தால் ஊகமே தேவையில்லை. QR குறியீட்டுக்குள் இருக்கும் DocDt எப்போதும் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில்தான் வரும்.

"எதிர்காலத் தேதி வந்தால் தவறு" என்ற விதி நல்லதுதான். ஆனால் பலர் அதை இன்றைய தேதியோடு ஒப்பிடுகிறார்கள். பழைய கோப்புகளை ஒரு வருடம் கழித்து மறுபடி ஓட்டும்போது இரண்டு வாசிப்புமே கடந்த காலமாகிவிடும், விதி எதையும் பிடிக்காது. மின்னஞ்சல் வந்த தேதியோடு ஒப்பிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராத தேதியை எந்த இயல்புநிலைக்கும் தள்ளாமல், கணக்குப் பிரிவில் ஒருவர் பார்க்கும்படி நிறுத்தி வையுங்கள். தாளில் இருந்த மூல எழுத்தை மாற்றிய தேதிக்குப் பக்கத்திலேயே சேமியுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் எதையும் திருத்த முடியாது. அவர் உறுதி செய்த வரிசையைச் சப்ளையர் பெயரோடு, எந்த நாளிலிருந்து பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். பில்லிங் மென்பொருளை மாற்றும் சப்ளையர் தேதி வரிசையையும் சொல்லாமல் மாற்றிவிடுவதுண்டு.