கணக்கியல் சமன்பாடும் பற்று வரவு விதிகளும்: சரியா, தவறா?

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் எடுத்த மாணவர்களுக்குச் சரியா தவறா வினா எளிது என்று தோன்றும். ஊகித்தாலே பாதி மதிப்பெண் வந்துவிடும். அதனால் கீழே உள்ள ஆறு கூற்றுகளுக்கும் விடையோடு காரணத்தையும் எழுதுங்கள். காரணம் தவறானால் மதிப்பெண் கிடையாது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தாளின் தலைப்பில் சமன்பாட்டை எழுதுங்கள்.

```
சொத்துகள் = பொறுப்புகள் + முதல்
```

பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எந்த இரண்டு கணக்குகள் மாறுகின்றன? அவை என்ன வகை? ஒவ்வொன்றும் கூடுகிறதா, குறைகிறதா? சொத்தும் செலவும் கூடினால் பற்று, குறைந்தால் வரவு. பொறுப்பு, முதல், வருமானம் ஆகியவை கூடினால் வரவு, குறைந்தால் பற்று. பற்று என்பது கணக்கின் இடப்பக்கம், வரவு வலப்பக்கம். நல்லது கெட்டது என்ற பொருள் இரண்டிற்கும் இல்லை.

ஓர் எழுதுபொருள் கடையை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் ரூ.50,000 ரொக்கத்துடன் தொடங்குகிறார். நடவடிக்கைகள் கீழுள்ள வரிசையிலேயே நடக்கின்றன.

1. ரூ.12,000 ரொக்கம் கொடுத்து அலமாரி வாங்கினால் மொத்தச் சொத்து குறையும்.
2. ரூ.20,000-க்குக் கடனாகச் சரக்கு வாங்கினால் முதல் மாறாது.
3. ரூ.8,000 அடக்கமுள்ள சரக்கை ரூ.10,000 ரொக்கத்திற்கு விற்றால் முதல் ரூ.10,000 கூடும்.
4. உரிமையாளர் வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து எடுக்கும் ரூ.2,000 கடையின் செலவு.
5. ரூ.15,000-ஐ வங்கியில் செலுத்தினால், கடை ஏட்டில் வங்கிக் கணக்கை வரவு வைக்க வேண்டும்.
6. சமன்பாட்டின் இரு பக்கமும் சமமாக இருந்தால் பதிவுகள் எல்லாம் சரி.

இங்கே நிறுத்தி எழுதி முடித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

முதல் கூற்று தவறு. ரொக்கம் 38,000 ஆகிறது, அலமாரி 12,000 சேர்கிறது. மொத்தம் அதே 50,000. அறைகலன் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு.

இரண்டாவது சரி. சொத்து 70,000 ஆகிறது, கடனீந்தோருக்குத் தர வேண்டியது 20,000, முதல் 50,000-லேயே நிற்கிறது. பதிவில் பற்று பெறுவது கொள்முதல் கணக்கு. ‘சரக்குக் கணக்கு’ என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் வட்டமிடுவார்.

மூன்றாவது தவறு. பலர் சறுக்குவது இங்கேதான். ரொக்கம் 10,000 கூடுகிறது, சரக்கு 8,000 குறைகிறது. ஆக, சொத்து கூடுவது 2,000 மட்டுமே. அந்த இலாபம்தான் முதலோடு சேர்கிறது: 72,000 = 20,000 + 52,000. ஆனால் குறிப்பேட்டில் ரொக்கக் கணக்கு 10,000 பற்று, விற்பனைக் கணக்கு 10,000 வரவு என்று மட்டுமே எழுதுகிறோம். பள்ளியில் படிக்கும் முறையில் சரக்குக் குறைவை விற்கும்போதே பதிவதில்லை. ஆண்டு இறுதியில் இறுதிச் சரக்கிருப்பைக் கணக்கிடும்போதுதான் அது வெளிப்படும். சமன்பாட்டு வினாவில் இலாபத்தைப் பிரித்துக் காட்டுங்கள், குறிப்பேட்டு வினாவில் பிரிக்காதீர்கள்.

நான்காவது தவறு. கடை வேறு, உரிமையாளர் வேறு. இது எடுப்புகள், முதலைக் குறைப்பதால் எடுப்புகள் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. முதல் 50,000-க்குத் திரும்புகிறது. செலவு என்று எழுதினாலும் முதல் அதே அளவு குறையும், ஆனால் கடையின் இலாபம் ரூ.2,000 குறைவாகத் தெரியும்.

ஐந்தாவது தவறு. பாஸ்புத்தகத்தில் பணம் செலுத்திய வரியில் ‘வரவு’ என்றிருப்பதைப் பார்த்துப் பழகியதால் குழப்பம் வருகிறது. அது வங்கியின் ஏடு. நம் பணம் வங்கி நமக்குத் திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. பொறுப்பு கூடினால் வரவு. நமக்கோ வங்கியில் உள்ள பணம் சொத்து. எனவே நம் ஏட்டில் வங்கிக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. ஒரே பணம், இரண்டு ஏடுகள், எதிரெதிர்ப் பக்கங்கள். வினாவில் ‘யாருடைய ஏடு’ என்பதைத் தேடி அடிக்கோடிடுங்கள்.

ஆறாவதும் தவறு. அலமாரியைப் பழுதுபார்க்கக் கொடுத்த ரூ.500-ஐப் பழுதுச் செலவுக் கணக்கில் பற்று வைக்காமல் அறைகலன் கணக்கில் பற்று வைத்துவிட்டதாகக் கொள்வோம். பற்றும் 500, வரவும் 500, சமன்பாடு அசையாது. ஆனால் அறைகலன் மதிப்பும் இலாபமும் தலா ரூ.500 அதிகமாகத் தெரியும். இது விதிப்பிழை. இருப்பாய்வும் இதைக் காட்டாது. அறைகலன் கணக்கின் ஒவ்வொரு பதிவையும் அதற்கான ரசீதோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.