தனியாக உட்கார்ந்து இன்டர்வியூவுக்குப் பழகுவது எப்படி: ஒரே கேள்வி, மூன்று பதிவு, மூன்று முறை கேட்பது

என் சின்னம்மா மகளுக்குப் போன மாதம் ஒரு நிதி நிறுவனக் கிளையில் இன்டர்வியூ இருந்தது. காரைக்குடியில் அவள் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆள் இல்லை, நான் இருப்பது தேவகோட்டையில். "அக்கா, போன்ல ரெக்கார்டு பண்ணி அனுப்புறேன், கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அனுப்பாதே, முதலில் நீயே கேள், எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித் தருகிறேன் என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவள் சம்மதத்தோடு.

பலர் செய்வது என்னவென்றால், இருபது கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் பதிவு செய்துவிட்டு, ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஐயோ என் குரல் இப்படியா இருக்கு" என்று போனை வைத்துவிடுவார்கள். அதில் எதுவும் திருந்தாது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது, "வேலையில் வந்த ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்ற கேள்வி. ஏதோ ஒரு வடிவத்தில் எல்லா இடத்திலும் கேட்பார்கள்.

முதலில் இடம்

சின்னம்மா வீடு பழைய செட்டிநாட்டு வீடு. அவள் முதலில் வளவில் தூணோரமாக உட்கார்ந்து பதிவு செய்தாள். உயரமான கூரை, வழவழப்பான சுவர், கீழே ஆத்தங்குடி டைல்ஸ், எதுவுமே ஒலியை வாங்கிக்கொள்ளாது. ஒவ்வொரு சொல்லின் கடைசியும் இழுத்துக்கொண்டு அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. அப்படிப் பதிவானதைக் கேட்டு "நான் தெளிவா பேசலை" என்று முடிவுகட்டினால் அது தவறு, குற்றம் அறையுடையது. மெத்தை, தலையணை, துணிக்கொடி இருக்கிற சின்ன அறைக்குப் போங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். போனைக் கையில் பிடிக்காமல், நான்கைந்து புத்தகத்தை அடுக்கி அதன்மேல், ஒரு கை தூரத்தில் வையுங்கள். ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள், அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு நின்றுவிடும். இப்போதைக்குக் குரல் பதிவு மட்டும் போதும். வீடியோ எடுத்தால் கண் தலைமுடியையும் சட்டையையும்தான் பார்க்கும், காது வேலை செய்யாது.

அப்புறம் இன்னொன்று. பதிவில் குரல் மெலிந்து கேட்பது எல்லாருக்கும் நடப்பது. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் போகிறது, அதனால் நமக்குக் கனமாகத் தெரியும். பதிவில் காற்று வழி வந்தது மட்டும்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்போதும் அதைத்தான் கேட்கிறார். நாலைந்து பதிவு கேட்டால் பழகிவிடும்.

பதிவு

கேள்வியைச் சத்தமாக நீங்களே படியுங்கள். இரண்டு மூச்சு விட்டு, பதில் சொல்லுங்கள். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். நடுவில் தடுமாறினாலும் நிறுத்தி அழிக்காதீர்கள், முடிவு வரை போங்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். உடனே கேட்காமல், ஒரு வேலை பார்த்துவிட்டு வந்து கேளுங்கள், அல்லது மறுநாள் காலையில். பேசிய சூட்டோடு கேட்டால், சொல்ல நினைத்தது மனதில் இருக்கும், சொன்னது காதில் விழாது.

மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும்தான் கவனிக்க வேண்டும்.

முதல் முறை: வேகம்

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று சொல்வார்கள். தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. "பேசிக்கொண்டிருந்தபோது" என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அதற்கே மூன்று நான்கு சொல் ஆகும். அதனால் உங்களுக்கு உங்களையே அளவுகோலாக வையுங்கள். வீட்டில் யாரிடமாவது நிதானமாக ஒரு விஷயம் சொல்லும்போது பதிவு செய்து, நடுவில் அரை நிமிடத்தை எடுத்து எத்தனை சொல் என்று எண்ணுங்கள். இன்டர்வியூ பதிலிலும் நடு அரை நிமிடத்தை எண்ணுங்கள். தங்கச்சி அம்மாவிடம் சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொன்னது அரை நிமிடத்துக்கு 51 சொல். இன்டர்வியூ பதில் 66.

வித்தியாசம் தெரிந்தபின் "மெதுவாகப் பேசு" என்று சொன்னால் ஒவ்வொரு சொல்லையும் இழுக்கத் தொடங்கிவிடுவோம், அது கேட்கவே நன்றாயிராது. சொல்லின் வேகம் அப்படியே இருக்கட்டும். வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துங்கள், அதுவே போதும். நிறுத்த இடமே இல்லை என்றால் அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன்.

இரண்டாம் முறை: ஒட்டுச் சொற்கள்

ஒரு தாளில் "வந்து", "அதாவது", "ஆக்சுவலி", "ஸோ", "ம்ம்" என்று எழுதி, கேட்கக் கேட்கப் பக்கத்தில் கோடு போடுங்கள். தங்கச்சியின் முதல் பதிவு 1 நிமிடம் 52 விநாடி. அதில் "வந்து" 14, "ஆக்சுவலி" 6, "அதாவது" 5.

எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதீர்கள், அது எங்கே வருகிறது என்று பாருங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால், அடுத்து எதைச் சொல்வது என்று முடிவாகவில்லை என்று அர்த்தம், அதற்கு மருந்து பதிலின் வரிசையைச் சரிசெய்வது. ஒரு எண்ணுக்கோ ஊர்ப்பெயருக்கோ முன்னால் வந்தால், அந்த விவரம் நினைவில் இல்லை, அதைப் போய் சரிபார்த்து வர வேண்டும். அவளுடைய 14 "வந்து"வில் 9 வாக்கியத் தொடக்கத்தில் இருந்தன. அதனால் "வந்து சொல்லாதே" என்று நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொன்னால் அந்தச் சொல்லைக் காவல் காப்பதிலேயே கவனம் போய்விடும், அதன் இடத்தில் "இப்ப" வந்து உட்காரும். பத்து பதிவிலும் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று நினைக்க வேண்டியதில்லை. இயல்பாகப் பேசுகிறவர் வாயில் நாலைந்து வரத்தான் செய்யும்.

மூன்றாம் முறை: அமைப்பு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: சூழல், என் பொறுப்பு, நான் செய்தது, விளைவு. பதிவைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பகுதியும் எத்தனை விநாடி என்று எழுதுங்கள். அவளுடையது இப்படி வந்தது: சூழல் 64 விநாடி, பொறுப்பு எதுவுமில்லை, செய்தது 35, விளைவு 13. கேட்கிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றாவது கட்டம், அவள் பாதிக்கு மேல் செலவழித்தது முதல் கட்டத்தில்.

அடுத்து, சிக்கலின் மையமான பகுதியை அப்படியே எழுத்தில் எழுதிப் பாருங்கள், "வந்து" உட்பட. அவள் எழுதியது:

"அதுல வந்து ஒரே டிசைன்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, ஆக்சுவலி ஒண்ணு மதுரைக்கு, ஒண்ணு கோயம்புத்தூருக்கு, அது மாத்தி ஏத்திட்டு, அவங்க போன் பண்ணிட்டு, அப்புறம் போய் பார்த்துட்டு, அண்ணன்கிட்ட சொல்லிட்டு, எல்லாரும் சேர்ந்து சரி பண்ணினோம்."

எழுத்தில் பார்த்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, "ஏத்திட்டு, பண்ணிட்டு, பார்த்துட்டு, சொல்லிட்டு" என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அது வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். மூச்சு விட இடம் இல்லாததற்கும் காரணம் இதுதான். வேகமும் இங்கிருந்துதான் வந்தது. ஒரு வாக்கியத்தில் "ட்டு" ஒன்றோ இரண்டோ போதும், மூன்றாவது வந்தால் அதற்கு முன்பே முற்றுப்புள்ளி வையுங்கள்.

இரண்டாவது, யார் செய்தார்கள் என்றே இல்லை. யார் ஏற்றியது, யார் போன் செய்தது, யார் பார்த்தது? கடைசியில் வருவதோ "பண்ணினோம்". நம் பேச்சில் எழுவாயை விட்டுவிடுவது இயல்பு, "நான்" என்று சொல்வதில் கூச்சமும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியே "நீங்கள் என்ன செய்தீர்கள்" என்பதுதான். உண்மையில் அவள் செய்தது நிறைய. அவளிடம் ஒவ்வொரு "ட்டு"வுக்கும் "யாரு?" என்று எழுதச் சொன்னேன். மூன்றாவது நாள் பதிவு செய்த பதிலின் சுருக்கம் இது:

"நான் பகுதிநேரமா கணக்கு பார்க்கிற டைல்ஸ் பட்டறையில, ஒரே டிசைன்ல ரெண்டு ஆர்டர் ஒரே நாள்ல கிளம்புச்சு. மதுரைக்குப் போக வேண்டியது கோயம்புத்தூர் வண்டியில ஏறிடுச்சு. பில்லும் சரக்கும் ஒத்துப்போகுதான்னு பார்க்கிறது என் பொறுப்பு. சாயங்காலம் அளவைப் பார்த்தப்ப நான்தான் கண்டுபிடிச்சேன். உடனே டிரைவருக்குப் போன் பண்ணினேன், வண்டி திண்டுக்கல் தாண்டலை. அங்கிருந்து மதுரைக்குத் திருப்பச் சொன்னேன். கோயம்புத்தூர்காரங்ககிட்ட ஒரு நாள் தாமதம்னு நானே பேசினேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு அடுக்கு மேலயும் பில் நம்பரைச் சாக்பீஸ்ல எழுத வெச்சேன். எட்டு மாசமா ஒரு சரக்கும் மாறலை."

இதையே விரிவாகப் பேசியபோது 1 நிமிடம் 20 விநாடி வந்தது. அரை நிமிடத்துக்கு 54 சொல், "வந்து" 3. வேகத்துக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எப்போது நிறுத்துவது

ஒரு கேள்விக்கு ஒரு நாளைக்கு மூன்று பதிவுக்கு மேல் வேண்டாம். நாலாவது, ஐந்தாவதில் ஒட்டுச் சொல் குறையும், ஆனால் சொற்கள் அப்படியே திரும்ப வரும், எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் இறங்கும், வேகம் மறுபடி ஏறும். மனப்பாடமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது வேறு கேள்விக்குப் போங்கள்.

தனியாகப் பழகுவதில் குறுக்குக் கேள்வி வராது. அதைக் கொஞ்சம் ஈடுகட்ட, "ஏன் அப்படிச் செய்தீர்கள்?", "அது நடக்காமல் போயிருந்தால்?", "அதற்குச் செலவு எவ்வளவு?" என்று பத்துச் சீட்டு எழுதி ஒரு சம்படத்தில் போடுங்கள். பதில் முடிந்ததும் பதிவை நிறுத்தாமல் ஒன்றை எடுத்து உடனே பதில் சொல்லுங்கள். "செலவு" சீட்டு வந்தபோது தங்கச்சி ஆறு விநாடி பேசாமல் இருந்தாள். மறுநாள் பட்டறையில் போய், திருப்பிவிட்ட வண்டிக்கு எவ்வளவு கூடுதல் வாடகை ஆனது என்று கேட்டு எழுதி வந்தாள்.

கடைசிச் சோதனைக்கு ஓர் ஆள் வேண்டும், ஐந்து நிமிடம் போதும். விஷயம் தெரியாத ஒருவரிடம் பதிவை ஒரே தடவை போட்டுக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சின்னம்மா கேட்டுவிட்டு, "சரக்கு மாறிப்போச்சு, நீ கண்டுபிடிச்சே, வண்டியைத் திருப்பினே, நம்பர் எழுத வெச்சே" என்று வரிசையாகச் சொன்னார். அப்புறம், "கோயம்புத்தூர்காரங்களுக்கு அவங்க சரக்கு கடைசியில போச்சா இல்லையா?" என்று கேட்டார். பதிலில் அது இல்லை. "மறுநாளே அனுப்பிட்டோம்" என்ற ஒரு வரியை அவள் அன்றைக்குச் சேர்த்துக்கொண்டாள், "அனுப்பினேன்" என்று மாற்றி.