ஒரு திரைக்கு ஒரு பாடம்: செயலியின் அறிமுகச் சொற்களைத் திருத்துவது எப்படி?

புதிய செயலியை முதன்முறை திறந்ததும் வரிசையாக நான்கைந்து திரைகள் வரும். பெரும்பாலோர் அவற்றைப் படிப்பதில்லை. 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. அந்தத் திரைகள் பெரும்பாலும் கற்றுக்கொடுப்பதில்லை, தம்மைப் பற்றிப் பெருமை பேசுகின்றன. அவற்றைக் கற்றுக்கொடுக்கும் திரைகளாகத் திருத்தும் வழியை ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம்.

மாதிரி இது: சிறு மளிகைக் கடைக்காரர்கள் கடன் நோட்டுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஒரு கணக்குச் செயலி. விளக்கத்துக்காக நானே எழுதியது. இதில் நான்கு அறிமுகத் திரைகள் உள்ளன.

திரை 1: "நல்வரவு! உங்கள் வணிகத்தின் அனைத்துத் தேவைகளுக்கும் ஒரே தீர்வு. கணக்கு, நினைவூட்டல், அறிக்கை அனைத்தும் ஒரே இடத்தில்."

திரை 2: "வாடிக்கையாளர் விவரங்களை உள்ளிட்டு அவர்களது பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யவும் நிர்வகிக்கவும் முடியும்."

திரை 3: "நிலுவைத் தொகைகளுக்கான நினைவூட்டல்களைப் பெற அறிவிப்புகளை இயக்கவும்."

திரை 4: "மாதாந்திர அறிக்கைகளின் வாயிலாக உங்கள் வணிகத்தின் வளர்ச்சியைப் பகுப்பாய்வு செய்யுங்கள்."

முதல் படி: ஒவ்வொரு திரைக்கும் எதிரே ஒரு கேள்வி

திரைகளில் உள்ள எல்லாச் சொற்களையும் ஒரு தாளிலோ விரிதாளிலோ எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பு, அடியில் உள்ள வரி, பொத்தானின் சொல், படத்தில் என்ன இருக்கிறது என்பது வரை எதையும் விடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதைப் படித்த பின் கடைக்காரரால் புதிதாக என்ன செய்ய முடியும்?

திரை 1க்குப் பதில் இல்லை. கடைக்காரர் ஏற்கெனவே செயலியை நிறுவிவிட்டார், அவரிடம் மறுபடி விளம்பரம் தேவையில்லை. அதை நீக்கிவிடுங்கள். திருத்தத்தில் அடிக்கடி கிடைக்கும் பெரிய ஆதாயம் இப்படி நீக்குவதுதான். வரவேற்புத் திரை போனால் மரியாதை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். கடைக்கு வந்தவரை வாசலில் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்காமல் உள்ளே விடுவதும் மரியாதைதான்.

திரை 2க்கு இரண்டு பதில்கள் வருகின்றன. பெயர் சேர்ப்பது ஒன்று, கொடுக்கல் வாங்கலை எழுதுவது இன்னொன்று. 'மற்றும்', 'உம்', 'அல்லது' எங்கே வந்தாலும் அங்கே இரண்டு பாடங்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்படுங்கள். 'நிர்வகிக்கவும்' என்ற சொல்லுக்கோ பதிலே இல்லை. எந்த விரல் எந்த இடத்தைத் தட்ட வேண்டும் என்று அது சொல்வதில்லை.

இரண்டாம் படி: முதல் வேலைக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது

இந்தச் செயலியில் முதல் வேலை என்ன? ஒருவர் கடனாகப் பொருள் வாங்கிப் போகிறார், கடைக்காரர் அதை எழுதிவைக்க வேண்டும். அதற்கு மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்: பெயரை எங்கே எழுதுவது, தொகையை எப்படிப் போடுவது, மொத்தப் பாக்கியை எங்கே பார்ப்பது. மற்றவை வெளியே போகலாம்.

வெளியே போவது என்றால் அழிந்துபோவது அல்ல, தேவைப்படும் இடத்துக்கு நகர்வது. மாத அறிக்கையைப் பற்றிய திரை 4 முதல் நாளில் பயனற்றது, அறிக்கையில் காட்ட அன்று ஒரு கணக்கும் இராது. அறிக்கைப் பக்கம் காலியாக இருக்கும்போது அந்த இடத்திலேயே "கணக்கு எழுதத் தொடங்கியதும் இந்த மாத வரவு இங்கே தெரியும்" என்று ஒரு வரி வையுங்கள்.

அறிவிப்பு கேட்கும் திரை 3ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் சரிசெய்வது கடினம். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவிய செயலி அறிவிப்பு காட்ட வேண்டுமானால் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அவர் இரண்டு முறை மறுத்துவிட்டால் அனுமதிப் பெட்டி மறுபடி தோன்றாது. ஐபோனில் அந்தப் பெட்டி ஒரே ஒரு முறைதான் வரும். பிறகு பயனரே அமைப்புகளுக்குள் தேடிப் போய் இயக்க வேண்டும், அதைச் செய்பவர்கள் குறைவு. செயலியைத் திறந்தவுடன், எதற்கென்றே தெரியாத நிலையில் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்வதே இயல்பு. ஆகவே கடைக்காரர் முதல் கடனை எழுதி, திருப்பித் தர வேண்டிய தேதியையும் போட்டு முடித்த அந்த நொடியில் கேளுங்கள்: "அந்தத் தேதி வந்ததும் நினைவுபடுத்தட்டுமா?" அவர் 'சரி' என்ற பின்புதான் அனுமதிப் பெட்டியைத் திறக்க வேண்டும். 'இப்போது வேண்டாம்' என்றால் பெட்டியே திறக்காது, அந்த வாய்ப்பும் வீணாகாது.

மூன்றாம் படி: எழுதுவது, குறைப்பது, மறுபடி எழுதுவது

இப்போது மூன்று பாடங்கள், மூன்று திரைகள். இரண்டாவதை முழுதாகச் செய்து பார்ப்போம், சிக்கல் அதில்தான் இருக்கிறது.

முதல் வரைவு: "வாடிக்கையாளர்களின் பற்று மற்றும் வரவுப் பரிவர்த்தனைகளை உரிய பொத்தான்கள் வாயிலாகப் பதிவு செய்யலாம்." இதில் 'உரிய' எது என்று தெரியவில்லை. 'செய்யலாம்' என்பது செய்யாமலும் இருக்கலாம் என்ற தொனி தருகிறது.

இரண்டாம் வரைவு: "கடன் என்றால் சிவப்பு, வரவு என்றால் பச்சை." சுருக்கமாக இருக்கிறது, ஆனால் யாருடைய கடன்? கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடனையும் இதே நோட்டில் எழுதிப் பழகியிருக்கலாம். அதோடு, நிறத்தை மட்டும் நம்பினால் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணாத கண்களுக்கு இந்தத் திரை ஒன்றுமே சொல்லாது.

மூன்றாம் வரைவில் கடைக்காரரின் கையிலிருந்து தொடங்கினேன். அவர் செய்வது இரண்டே செயல்கள்: பொருளைக் கொடுக்கிறார், பணத்தை வாங்குகிறார்.

தலைப்பு: "பொருள் கொடுத்தீர்களா? 'கொடுத்தேன்' தட்டுங்கள்"
அடிவரி: "பணம் வந்ததும் 'வாங்கினேன்' தட்டினால் பாக்கி குறையும்."

பொத்தான்களில் நிறமும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. படத்தில் அந்த இரு பொத்தான்கள் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். கைகுலுக்கும் இருவரின் ஓவியம் வேண்டாம், அது எதையும் கற்றுக்கொடுக்காது. இங்கே இரண்டு பொத்தான்கள் வருவதால் இரண்டு பாடங்கள் ஆகிவிட்டதே என்று கேட்பீர்கள். பாடம் ஒன்றுதான்: கணக்கு எந்தப் பக்கம் போகும் என்பது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அடுத்த திரைக்குத் தள்ளினால் இரண்டுமே புரியாது.

மற்ற இரண்டும் எளிது. முதல் திரை: "வாடிக்கையாளர் பெயரை எழுதுங்கள்", அடியில் "ஒருவருக்கு ஒரு பக்கம் திறக்கும்." மூன்றாம் திரை: "மொத்தப் பாக்கி மேலே தெரியும்", அடியில் "பெயரைத் தட்டினால் அவர் கணக்கு மட்டும்." 'நிலுவைத் தொகை' எங்கே போயிற்று? கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'பாக்கி' என்பார்கள். சொல் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அறிமுகத் திரையில் 'பாக்கி' என்று எழுதிவிட்டு உள்ளே 'நிலுவை' என்று இருந்தால் கற்றுக்கொடுத்தது வீண். மேம்பாட்டாளரிடம் கேட்டு, உள்ளே இருக்கும் சொல்லையும் மாற்றுங்கள்.

நான்காம் படி: பொத்தான்களின் தொனி

'சேமி', 'தொடங்கு' என்று பொத்தானில் இருந்தால் மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது என்று பலர் 'சேமிக்கவும்', 'தொடங்கவும்' என்று நீட்டுகிறார்கள். தேவையில்லை என்பது என் கருத்து. வாக்கியம் என்பது செயலி பயனரிடம் பேசுவது, அங்கே 'எழுதுங்கள்', 'தட்டுங்கள்' என்ற மரியாதை கட்டாயம் வேண்டும். பொத்தானோ பயனர் செயலிக்கு இடும் கட்டளை. அதனால் 'சேமி' பொருந்தும், இடமும் மிச்சம். கலந்து மட்டும் எழுதாதீர்கள். ஒரு திரையில் 'தொடங்கு', இன்னொன்றில் 'தொடரவும்' என்று இருந்தால் இரண்டு பேர் எழுதியது அப்பட்டமாகத் தெரியும்.

'தவிர்' என்ற பொத்தான் எல்லாத் திரையிலும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்து திரையில் உட்காருகிறதா?

"தலைப்பு 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று வடிவமைப்பாளர் சொல்லக்கூடும். எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. 'பாக்கி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆகவே எண்ணிக்கையை நம்பாமல் போனில் போட்டு அகலத்தைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, இடம் போதாதபோது வரியின் கடைசியை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் அமைப்பு. ஆண்ட்ராய்டில் அது இப்படி இருக்கும்:

```xml
android:maxLines="1"
android:ellipsize="end"
```

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "வாடிக்கையாளர் பெயரை…" என்று வெட்டினால் எழுதுவதா, அழிப்பதா, தேடுவதா என்று தெரியாது, பாடமே போய்விடும். அறிமுகத் திரைகளில் இந்த இரண்டு வரிகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், வாக்கியம் மடங்கி அடுத்த வரிக்குப் போகட்டும். பிறகு போன் அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14இல் அதை 200 சதவீதம் வரை கூட்டலாம். வயதான கடைக்காரர்கள் பலர் பெரிய எழுத்தில்தான் வைத்திருப்பார்கள். அந்த அளவில் 'தொடங்கு' பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்தால், குறைக்க வேண்டியது எழுத்தளவை அல்ல, அடிவரியை.

ஆறாம் படி: ஒருவர் கையில் கொடுத்துப் பார்ப்பது

கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போனைக் கொடுங்கள். 'புரிகிறதா?' என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகவாவது 'புரிகிறது' என்பார்கள். மூன்று திரைகளும் முடிந்ததும் ஒரு வேலை சொல்லுங்கள்: "ஒருவர் 120 ரூபாய்க்குக் கடனாக வாங்கினார், எழுதுங்கள். பிறகு அவர் 50 ரூபாய் கொடுத்தார், அதையும் எழுதுங்கள்." நீங்கள் வாய் திறக்கக் கூடாது.

பாக்கி 70 என்று வந்தால் இரண்டாம் திரை வேலை செய்கிறது. 170 என்று வந்தால் அவர் இரண்டு முறையும் 'கொடுத்தேன்' என்பதையே தட்டியிருக்கிறார். "அவர் 50 ரூபாய் கொடுத்தார்" என்ற உங்கள் வாக்கியமே அவரை அந்தப் பொத்தானுக்கு இழுத்திருக்கலாம். இன்னொருவரிடம் "50 ரூபாய் வந்தது" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அவரும் 'கொடுத்தேன்' என்பதையே தட்டினால் குறை பொத்தானின் சொல்லில் இருக்கிறது. அப்போது 'பொருள் கொடுத்தேன்', 'பணம் வாங்கினேன்' என்று ஒரு சொல் கூட்டுங்கள், பொத்தான் சற்று அகலமானாலும் பரவாயில்லை. பெயரை எங்கே எழுதுவது என்று தேடினால் முதல் திரையின் படத்தைப் பாருங்கள். அதில் காட்டிய பொத்தானும் உள்ளே இருக்கும் பொத்தானும் ஒரே இடத்தில், ஒரே உருவத்தில் இல்லாமல் போயிருக்கக்கூடும்.