23 பேர் பேசியது, மினிட் புத்தகத்தில் ஒரு வரி

அந்தக் கிராம சபையின் மினிட் புத்தகத்தில் குளத்தைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "குளத்தைத் தூர்வாரப் பொதுமக்கள் கேட்டுக்கொண்டனர். ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

அன்று எழுதுவதற்கு உதவியாக மேஜையோரம் நானும் உட்கார்ந்திருந்தேன். குளத்தைப் பற்றி மட்டும் 23 பேர் பேசினார்கள். மடை ஷட்டர் துருப்பிடித்துத் தூக்க முடியவில்லை, கடைமடை ஏலாவுக்கு, அதாவது அங்குள்ள வயல்களுக்கு, தண்ணீர் வரவில்லை என்றுதான் பாதிப்பேர் சொன்னார்கள். சானலில் இருந்து குளத்துக்கு வரும் ஓடையில் பிளாஸ்டிக் அடைத்திருக்கிறது என்றார் ஒருவர். மேற்குக் கரையை அளந்து பார்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். கரையில் விளக்கு இல்லை என்று பெண்கள் சொன்னார்கள். தூர்வாருவது பற்றிப் பேசிய சிலரிலும் 2 பேர், ஆழம் குறிக்காமல் லாரியில் மண் அள்ள விடக்கூடாது என்று ஆட்சேபித்தார்கள். ஆக, அந்த ஒரு வரியில் 'ஏகமனதாக' என்பதும் உண்மையில்லை.

சில மாதம் கழித்து எஸ்டிமேட் வந்தது, தூர்வாருவதற்கு மட்டும். அடுத்த கூட்டத்தில் ஏலாக்காரர்கள் எழுந்து, "மடையைப் பற்றி அன்றே சொன்னோமே" என்று கேட்டார்கள். புத்தகத்தைத் திறந்து காட்டினால் அதில் மடை என்ற சொல்லே இல்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால், எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து யோசித்தேன்.

முதல் தவறு, பேசுவதை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் சுருக்கி எழுதலாம் என்று இருந்தது. 10 பேர் கூட்டத்துக்கு அது சரி. 200 பேர் கூடி, ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கம் பேசும்போது, கடைசியில் மனதில் நிற்பது சத்தமாகப் பேசியவர் சொன்னது மட்டும்தான். இப்போது நான் ஒரு பழைய நோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்து வைத்துக்கொள்கிறேன். இடது பக்கத்தில் பேசியவரின் வரிசை எண், பெயர், வார்டு, அவர் கேட்டது என்ன என்று ஒரே வரி. வலது பக்கம் காலியாக இருக்கும். ஒரு பொருள் பேசி முடிந்ததும், அடுத்த பொருளுக்குப் போகும் முன் தலைமை வகிப்பவரிடம் 2 நிமிடம் கேட்டு வாங்கி, இடது பக்கத்தில் உள்ளதைக் கோரிக்கை வாரியாக வலது பக்கத்தில் சேர்க்கிறேன். மடைக்கு இத்தனை பேர், விளக்குக்கு இத்தனை பேர் என்று அப்போதே கணக்கு வந்துவிடும். மைக் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, பேச வருகிறவரிடம் பெயரும் வார்டும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் இன்னும் எளிது. நம் ஊர்களில் ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் நாலு பேர் இருப்பார்கள். வீட்டுப் பெயரையோ விளையின் பெயரையோ சேர்த்து எழுதாவிட்டால் பின்னால் யார் சொன்னது என்று தெரியாது.

இரண்டாவது தவறு, பல வேலைகளை ஒரே தீர்மானத்தில் அடைத்தது. தீர்மானத்தின் நகல் ஏதோ ஒரு அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே உள்ளவர் தன் துறைக்கு உரியதை மட்டும் பார்ப்பார், மற்றதை விட்டுவிடுவார். இந்தக் குளம் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருந்தது. அப்படிப்பட்ட குளத்தில் மடையைச் சரிசெய்ய ஊராட்சி தானாகத் தீர்மானிக்க முடியாது. துறையைக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். கரையை அளப்பது வருவாய்த் துறையின் வேலை. தெருவிளக்கு ஊராட்சியே செய்வது. அதனால் அன்று இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"பொருள் 4, தீர்மானம் 1: குளத்தின் வடக்கு மடை ஷட்டர் பழுதால் கடைமடை ஏலாவுக்குத் தண்ணீர் செல்லவில்லை என 12 பேர் தெரிவித்தனர். மடையைச் சீரமைத்துத் தருமாறு நீர்வளத் துறையைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது.

தீர்மானம் 2: குளத்தின் மேற்குக் கரையை அளந்து எல்லை காட்டித் தருமாறு வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது.

தீர்மானம் 3: குளக்கரைச் சாலையில் ஊராட்சி மூலம் தெருவிளக்கு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது.

தீர்மானம் 4: தூர்வாரும் பணி கோரப்பட்டது. ஆழ அளவு குறிக்காமல் மண் எடுக்கக் கூடாது என 2 பேர் ஆட்சேபம் தெரிவித்தனர். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது. பெரும்பான்மையோர் ஆதரவுடன் நிறைவேற்றப்பட்டது."

இதில் ஏலாவின் பெயரையும் சர்வே எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். பேசுகிறவர் ஏலாவின் பெயரைத் தெளிவாகச் சொல்வார், எழுதுகிறவர் அதை 'விவசாய நிலங்கள்' என்று மாற்றிவிடுவார். அலுவலகத் தமிழ் மாதிரி இருக்கும், ஆனால் எந்த இடம் என்பது போய்விடும். சொன்னவரின் சொல்லையே வைத்துவிடுங்கள்.

கோபத்தில் சொல்வதை எழுதுவதில் மட்டும் கவனம் வேண்டும். "காசைத் தின்னுட்டான்" என்று ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்தினால், அதை அப்படியே எழுதவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. "இன்ன பணியின் செலவு குறித்துச் சந்தேகம் தெரிவித்து, பில்களைக் காட்டக் கோரினார்" என்று எழுதினால் அவர் கேட்டது நிற்கும்.

இனி கையெழுத்து. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இந்தக் கோரம் எண்ணிக்கையை எட்டுவதற்காக வருகைத் தாளை அவசரமாகச் சுற்றவிடுகிறோம். கையெழுத்துப் போட்டதும் பாதிப்பேர் கிளம்பிவிடுகிறார்கள். தீர்மானத்தில் எல்லாரும் இருந்ததாக ஆகிவிடுகிறது. ஆகவே கூட்டம் தொடங்கிய நேரத்தையும், முக்கியமான தீர்மானம் வந்தபோது இருந்தவர்களின் எண்ணிக்கையையும் தனித்தனியாக எழுதுங்கள். வருகைத் தாள்களுக்குப் பக்க எண் போடுங்கள். கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து, மொத்தத்தை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தீர்மானப் பக்கத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வாங்கி, பிறகு வீட்டில் வைத்து மேலே எழுதுவது. எழுதுகிறவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கத்தை யாரும் கேள்வி கேட்டால் அதற்கு நிற்கக் காலே இருக்காது. நகராட்சி, மாநகராட்சி வார்டில் கவுன்சிலர் நடத்தும் பகுதி சபைக்கும் இது அப்படியே பொருந்தும். தீர்மானத்தை அங்கேயே எழுதி, மைக்கில் வாசித்து, அப்புறம்தான் தலைமை வகிப்பவர் கையெழுத்திட வேண்டும்.

வாசிப்பதற்கு 10 நிமிடம் ஆகும், ஆட்கள் போய்விடுவார்கள் என்பார்கள். மடைக்குத் தனித் தீர்மானம் போட்ட அந்த அடுத்த கூட்டத்தில், நான் 'தெற்கு மடை' என்று எழுதி வாசித்தேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "சாரே, தெக்கு மடை இல்ல, வடக்கு மடை" என்றார். தெற்கு என்ற சொல்லை வாசிக்க முடியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே வடக்கு என்று எழுதி, பக்கத்தில் தலைமை வகித்தவரிடம் சுருக்கொப்பம் வாங்கினேன்.