பிளாஸ்ட் செல் மைலாய்டா? எம்.பி.ஓ., சூடான் பிளாக் சாயமிடும் முறை

சாதாரண லீஷ்மன் சாயத்தில் பிளாஸ்ட் செல்கள் பல நேரங்களில் ஒன்றுபோலவே தெரியும். அவுவர் கம்பி கண்ணில் பட்டால் மைலாய்டு வகை என்று சொல்லிவிடலாம். படாதபோதுதான் இந்த இரண்டு சாயங்களும் கைகொடுக்கும். மைலோபெராக்ஸிடேஸ் (எம்.பி.ஓ.) சாயம் துகள்களில் உள்ள நொதியைக் காட்டுகிறது. சூடான் பிளாக் கொழுப்பில் கரையும் சாயம். அதே துகள்களில் போய் ஒட்டிக்கொள்ளும். லிம்ஃபோபிளாஸ்டில் இத்தகைய துகள்கள் கிடையாது.

எம்.பி.ஓ.

ரத்தமோ எலும்பு மஜ்ஜையோ, ஸ்மியர் புதியதாக, நன்றாகக் காற்றில் உலர்ந்ததாக இருக்கட்டும். கூடவே ஆரோக்கியமான ஒருவரின் புதிய ரத்த ஸ்மியர் ஒன்றையும் கட்டுப்பாட்டு ஸ்லைடாக வையுங்கள்.

1. குளிர்ந்த பஃபர் ஃபார்மலின்-அசிட்டோனில் 30 விநாடி நிலைப்படுத்திக் கழுவுங்கள்.
2. பி.எச். 7.3 கொண்ட 60 மி.லி. பாஸ்பேட் பஃபரில் 30 மி.கி. டையமினோபென்சிடினைக் கரையுங்கள். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்று கருதப்படுவதால் கையுறை கட்டாயம். மீதியைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.
3. 30% ஹைட்ரஜன் பெராக்ஸைடை 120 மைக்ரோலிட்டர் சேர்த்துக் கலக்கி, உடனே ஸ்லைடை 10 நிமிடம் அதில் வையுங்கள்.
4. கழுவி, ஹீமடாக்ஸிலினில் எதிர்ச்சாயம் கொடுத்து உலர்த்துங்கள்.

நொதி வேலை செய்த இடத்தில் பழுப்பு நிறத் துகள்கள் தெரியும். பெராக்ஸைடு பழசானால் நிறம் வராது. "கொஞ்சம் கூடவே ஊற்றுவோம்" என்றாலும் வராது. அளவு மிஞ்சினால் அதுவே நொதியை முடக்கிவிடும்.

சூடான் பிளாக்

1. ஃபார்மலின் ஆவியில் 10 நிமிடம் நிலைப்படுத்துங்கள்.
2. 100 மி.லி. தூய எத்தனாலில் 0.3 கிராம் சூடான் பிளாக் பி கரைத்த கரைசலில் 60 மி.லி., ஃபீனால் பஃபர் 40 மி.லி. கலந்து வடிகட்டுங்கள்.
3. மூடிய ஜாடியில் ஒரு மணி நேரம் ஊறட்டும்.
4. ஸ்லைடை எடுத்ததும் 70% எத்தனாலை ஊற்றி, 30 விநாடி விட்டுச் சாய்த்துவிடுங்கள். இதையே மூன்று முறை செய்யுங்கள்.
5. நீரில் கழுவி உலர்த்தி, மீண்டும் நிலைப்படுத்தாமல் லீஷ்மன் சாயம் கொடுங்கள்.

வடிகட்ட மறந்தால் சாயப் படிவுகள் ஸ்லைடெங்கும் கரும்புள்ளிகளாகக் கிடக்கும். செல்லுக்கு வெளியேயும் அதே புள்ளிகள் இருந்தால் அது படிவுதான்.

படிக்கும் முறை

பிளாஸ்டைப் பார்க்குமுன் நியூட்ரோஃபில்லைத் தேடுங்கள். நோயாளியின் ஸ்லைடில் மிஞ்சியிருக்கும் முதிர்ந்த நியூட்ரோஃபில்களே சிறந்த சாட்சி. அவையே சாயம் ஏற்கவில்லை என்றால் பிளாஸ்டின் 'எதிர்மறை' முடிவுக்கு மதிப்பில்லை.

ஒரு கற்பனை உதாரணம்: எம்.பி.ஓ. ஸ்லைடில் 200 பிளாஸ்ட் எண்ணினால் ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை. லிம்ஃபாய்டு என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கிருக்கும் நியூட்ரோஃபில்களும் வெறுமையாக இருக்கின்றன. கட்டுப்பாட்டு ஸ்லைடிலோ அவை நன்கு பழுத்த பழுப்பு. ஆகவே வினைப்பொருள் சரிதான், சிக்கல் நோயாளியின் ஸ்மியரில். விசாரித்தால், அது பல நாள் வெளிச்சத்தில் கிடந்தது தெரிகிறது, நொதி அழிந்துபோயிருக்கும். அதே தொகுதியின் இன்னொரு ஸ்மியருக்குச் சூடான் பிளாக் போடுகிறோம். பழைய ஸ்மியரிலும் இது நிற்கும் என்பதே இதன் பெரிய பலம். இப்போது நியூட்ரோஃபில்கள் கறுத்துத் தெரிகின்றன; 200 பிளாஸ்டில் 18-இல் தெளிவான கருந்துகள்கள். 18-ஐ 200-ஆல் வகுத்தால் 9%. வழக்கமான வரம்பு 3%. இது அக்யூட் மைலாய்டு லுகேமியா பக்கம் நிற்கிறது.

எண்ணும்போது ப்ரோமைலோசைட்டையும் பிளாஸ்டாகச் சேர்த்துவிடுவதே தொடக்கநிலையாளர் அதிகம் செய்யும் பிழை. எம்.பி.ஓ. ஸ்லைடில் ஹீமடாக்ஸிலின் மட்டும் இருப்பதால் செல்லின் விவரம் மங்கும். பக்கத்தில் லீஷ்மன் ஸ்லைடை வைத்து ஒப்பிட்டுக்கொண்டே எண்ணுங்கள். சூடான் பிளாக்கில் இன்னொரு கண்ணி உண்டு: அபூர்வமாக லிம்ஃபோபிளாஸ்டிலும் துகள் இல்லாத, மங்கிய சாம்பல் படலம் தெரியும். அதை நேர்மறையாக எண்ணாதீர்கள், துகள்தான் கணக்கு.

நியூட்ரோஃபில் நன்கு சாயமேறி, பிளாஸ்ட் 3%-க்குக் கீழே நின்றாலும் அது லிம்ஃபாய்டு என்று ஆகிவிடாது. மிகக் குறைந்த முதிர்ச்சியுள்ள மைலாய்டு வகை (எம்0), மெகாகேரியோபிளாஸ்ட் வகை (எம்7), பல மோனோபிளாஸ்ட்கள் எல்லாமே இப்படித்தான் காட்டும். அறிக்கையில் 'எம்.பி.ஓ. எதிர்மறை பிளாஸ்ட்கள்' என்று மட்டும் எழுதி, ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு மாதிரியை அனுப்புங்கள்.